சரிவக விதி: தொகையிடாமலே கூடுதலா குறைவா என்று சொல்வது, நடுவில் வளைவு மாறினால் என்ன செய்வது?

ரோஸ்ஹில்_குமரன்

எல்லாருக்கும் வணக்கம். எச்.எஸ்.சி. பயிற்சித் தாளில் ஒரு கணக்கு. e^(−x²) என்ற சார்பு, 0 முதல் 1 வரை, சரிவக விதி, நான்கு பட்டைகள். அந்த வரைக்கும் சிக்கல் இல்லை, 0.743 வந்துவிட்டது. அடுத்த கேள்விதான் இடிக்கிறது: இந்த விடை உண்மை மதிப்பைவிடக் கூடுதலா குறைவா, காரணம் சொல்க.

இரண்டாம் வகைக்கெழு எடுத்தேன்: f''(x) = (4x² − 2)e^(−x²). x = 0 இல் −2 வருகிறது, x = 1 இல் +0.736 வருகிறது. ஒரு முனையில் குறை, மறுமுனையில் மிகை. இரண்டில் எதை நம்புவது? தொகையிட்டு ஒப்பிடலாம் என்றால் இந்தச் சார்புக்கு அந்த வழியும் இல்லை.

தீவுக்காரன்

தம்பி, f'' வரைக்கும் எதுக்குப் போகணும்? கோடு 1-லேர்ந்து 0.368-க்கு இறங்கிக்கிட்டே வருது. இறங்குற கோட்டுக்குக் கூடுதலாத்தான் வரும், ஏறுற கோட்டுக்குக் குறைவா வரும். அவ்வளவுதான்.

மோக்கா_மீனாட்சி

தீவுக்காரன் சொல்வது இடது முனை உயரத்தை வைத்துச் செவ்வகம் போடும் முறைக்குச் சரி. சரிவகத்துக்கு அது பொருந்தாது. ஏற்ற இறக்கத்துக்கு இங்கே வேலையே இல்லை.

இறங்கும் கோடுகள் இரண்டை எடுத்துப் பாருங்கள். 1/x, 1 முதல் 2 வரை, ஒரே பட்டை: சரிவகம் 0.75 தருகிறது, உண்மை ln 2, அதாவது 0.693. கூடுதல். அடுத்து cos x, 0 முதல் π/2 வரை, அதுவும் ஒரே பட்டை: சரிவகம் π/4, அதாவது 0.785, உண்மை 1. குறைவு. இரண்டும் இறங்குகின்றன, பிழை மட்டும் எதிரெதிர்ப் பக்கம் போகிறது.

காரணம் சரிவகத்தின் மேல் விளிம்பில் இருக்கிறது. அது வளைகோட்டின் இரண்டு புள்ளிகளை இணைக்கும் நாண். கோடு கிண்ணம் போல மேல்நோக்கிக் குழிந்திருந்தால், அதாவது f'' > 0 என்றால், நாண் கோட்டுக்கு மேலே போகும், விடை கூடும். கிண்ணத்தைக் கவிழ்த்தால் நாண் கோட்டுக்குக் கீழே போகும், விடை குறையும். கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் இதுதான்.

குமரன் கணக்கில் 4x² = 2 ஆகும் இடம், x = 0.707, வளைவு மாற்றப் புள்ளி. அதற்கு இடப்பக்கம் கவிழ்ந்த கிண்ணம், வலப்பக்கம் நிமிர்ந்த கிண்ணம். அதனால் "f'' இன் குறியைப் பார்த்துச் சொல்" என்ற ஒற்றை வரி இங்கே போதாது. கணக்கைத் தொகுத்தவர் அதைக் கவனித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். 0 முதல் 0.5 வரை என்று கேட்டிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

தீவுக்காரன்

சரிக்கா, cos x கணக்கைப் பார்த்ததும் விளங்கிச்சு. ஆனா ஒண்ணு. கோடு x அச்சுக்குக் கீழே போனா? x² − 4, 0 முதல் 2 வரை. கிண்ணம்தான், f'' = 2. ரெண்டு பட்டை போட்டா −5 வருது. உண்மை −16/3, அதாவது −5.33. பரப்பு 5.33 இருக்க வேண்டிய இடத்துல 5-தானே கிடைச்சது? இது குறைவு இல்லையா?

மோக்கா_மீனாட்சி

தொகையீட்டைக் கேட்டால் கூடுதல், ஏனென்றால் −5 என்பது −5.33 ஐவிடப் பெரியது. பரப்பைக் கேட்டால் குறைவு. நாண் எப்போதும்போலக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் கீழே கிடக்கும் பகுதிக்கு "மேலே" என்றால் அச்சுக்கு நெருக்கம் என்று பொருள். வினாவில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுத வேண்டியதுதான்.

ஃப்ளாக்_நில_அளவை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேண்டியது கிட்டத்தட்ட இதேதான் என்று நினைக்கிறேன். கரும்பு வயல் ஒன்று, ஒரு விளிம்பு நேர்க்கோடு, எதிர் விளிம்பு ஆற்றோரமாக வளைந்து போகிறது. நேர்க்கோட்டிலிருந்து 20 மீட்டருக்கு ஒருமுறை செங்குத்தாக எடுத்த அளவுகள்: 31.2, 36.0, 39.1, 40.6, 40.5 மீட்டர். சரிவகத்தில் 3031 சதுர மீட்டர். சார்பு, சமன்பாடு என்று எதுவும் கையில் கிடையாது. நிலக்காரர் "குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார். இதற்கு f'' எங்கே போய்த் தேடுவது?

செந்தெனி974

ரெயூனியனிலிருந்து. வயல் கணக்குக்கு அப்புறம் வருகிறேன், முதலில் குமரனுக்கு ஒரு குறுக்குவழி. நடுவில் எத்தனை முறை வளைவு மாறினாலும் பிழையைக் கிட்டத்தட்டச் சொல்லும் சூத்திரம் இது:

T − I ≈ (h²/12)·(f'(b) − f'(a))

இதில் T சரிவக விடை, I உண்மை மதிப்பு, h பட்டை அகலம். இரண்டு முனைகளிலும் உள்ள சாய்வுகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். f'(x) = −2x·e^(−x²). f'(0) = 0, f'(1) = −0.7358. கழித்தால் குறை எண். ஆகவே T குறைவு. எவ்வளவு குறைவு என்றும் வருகிறது: 0.0625/12 × 0.7358 = 0.00383. குமரனின் T ஐத் துல்லியமாகப் போட்டால் 0.74298. அதோடு 0.00383 ஐக் கூட்டினால் 0.74681. உண்மை மதிப்பு 0.74682. கடைசி இலக்கத்தில்தான் வித்தியாசம்.

இதன் உட்பொருளும் லேசுதான். f'' ஐ a முதல் b வரை கூட்டினால் கிடைப்பது f'(b) − f'(a). அதாவது கவிழ்ந்த பகுதியும் நிமிர்ந்த பகுதியும் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சும் நிகர வளைவு.

மோக்கா_மீனாட்சி

சூத்திரம் நல்லது. ஆனால் நடுவில் ≈ நிற்கிறது, அதை வைத்து "கட்டாயம் குறைவு" என்று எழுத முடியாது. பட்டை அகலமாக இருந்தால் குறியே தவறிப்போகும். இந்தச் சார்பைப் பாருங்கள்: 2x⁴ − 3x² + 2, −1 முதல் 1 வரை. முனைச் சாய்வுகள் −2, +2. வித்தியாசம் +4, அப்படியானால் செந்தெனியின் வழி "கூடுதல்" என்கிறது.

ஒரே பட்டை: இரண்டு முனைகளிலும் உயரம் 1, அகலம் 2, T = 2. உண்மை 2.8. கூடுதல் என்று சொன்ன இடத்தில் படுகுறைவு.
இரண்டு பட்டை: T = 3. இப்போது கூடுதல்.
நான்கு பட்டை: T = 2.875. கூடுதல், நெருங்கியும் வந்துவிட்டது.

ஒரு பட்டையில் ஏன் தவறியது? பிழைக்குத் துல்லியமான சூத்திரம் இருக்கிறது. a முதல் b வரை ஒரே பட்டை என்றால், T − I என்பது ½(x − a)(b − x)·f''(x) இன் தொகையீடு. (x − a)(b − x) என்ற பெருக்கல் முனைகளில் சுழி, நடுவில்தான் உச்சம். ஆகவே பட்டையின் நடுவில் உள்ள வளைவுக்கே எடை அதிகம், ஓரத்து வளைவு கணக்கில் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம். என் எடுத்துக்காட்டில் −0.5 க்கும் 0.5 க்கும் நடுவே கோடு கவிழ்ந்திருக்கிறது, ஓரங்களில் வேகமாக நிமிர்கிறது. முனைச் சாய்வு ஓரத்தையும் நடுவையும் ஒரே எடையில் பார்ப்பதால் ஏமாறுகிறது. பட்டைகளைக் குறுக்கினால் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி நடு கிடைக்கிறது, அதற்குப் பிறகு அந்த வழி சரியாகிவிடுகிறது.

ரோஸ்ஹில்_குமரன்

அப்படியென்றால் என் நான்கு பட்டை போதுமான அளவு குறுகியதா இல்லையா என்று எப்படித் தெரியும் அக்கா? உண்மை மதிப்பைப் பார்க்காமல்.

மோக்கா_மீனாட்சி

தெரிந்துகொள்ளலாம், அதே துல்லியமான சூத்திரம் போதும். அந்த எடைப் பகுதியை மட்டும் ஒரு பட்டைக்குத் தொகையிட்டால் h³/12 வரும். அகலம் ஒன்றே என்பதால் நான்கு பட்டைக்கும் அதே எண். எனவே ஒவ்வொரு பட்டையிலும் f'' அதிகபட்சம் எவ்வளவு என்று கண்டுபிடித்து, நான்கையும் கூட்டி, h³/12 ஆல் பெருக்கினால், T − I அதைத் தாண்டவே முடியாது. அந்தக் கூட்டுத்தொகை குறை எண்ணாக வந்தால் வேலை முடிந்தது: T கட்டாயம் குறைவு.

உன் கணக்கில் f'' எங்கே அதிகபட்சம்? மூன்றாம் வகைக்கெழு (12x − 8x³)e^(−x²). அது 0 க்கும் 1 க்கும் இடையே எங்கும் மிகை எண்தான். ஆகவே f'' ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு பட்டையிலும் வலது முனையில்தான் அதிகபட்சம்.

x = 0.25 இல் f'' = −1.644
x = 0.5 இல் −0.779
x = 0.75 இல் +0.142
x = 1 இல் +0.736

கூட்டினால் −1.545. h³/12 = 0.001302. பெருக்கினால் −0.0020. ஆக T குறைந்தபட்சம் 0.0020 அளவுக்காவது குறைவு. இதில் தோராயம் எதுவும் இல்லை, நிரூபணமே.

இடது முனை மதிப்புகளைக் கூட்டினால் மறுபக்க எல்லையும் கிடைக்கும்: −2 − 1.644 − 0.779 + 0.142 = −4.281, பெருக்கினால் −0.0056. ஆக T இன் குறை 0.0020 க்கும் 0.0056 க்கும் நடுவில். செந்தெனி சொன்ன 0.0038 இதற்குள் ஒழுங்காக உட்காருகிறது.

வழக்கமாக எங்கே தவறுகிறார்கள் என்றால், f'' ஏறுகிறதா என்று பார்க்காமல் முனை மதிப்புகளை எடுத்துவிடுகிறார்கள். பட்டையின் நடுவே f'' உச்சத்துக்குப் போய் இறங்கினால் முனை மதிப்பு அதிகபட்சம் ஆகாது, நிரூபணம் அங்கேயே உடைந்துவிடும். இதே கணக்கை 0 முதல் 2 வரை கேட்டிருந்தால் x = 1.22 பக்கத்தில் அதுதான் நடக்கும்.

தீவுக்காரன்

இவ்வளவு தூரம் எதுக்கு? பட்டையை ரெட்டிப்பாக்கிப் பாருங்க. விடை ஏறினா முதல்ல வந்தது குறைவு, இறங்கினா கூடுதல். இந்தக் கணக்குக்கு ஒரு பட்டை 0.684, ரெண்டு பட்டை 0.731, நாலு 0.743. ஏறிக்கிட்டே போகுது. குறைவுதான்.

மோக்கா_மீனாட்சி

வளைவு ஒரே பக்கமாக இருந்தால் அது சரி, நல்ல சரிபார்ப்பும்கூட. கவிழ்ந்த கிண்ணத்தில் பட்டையை இரண்டாக்கினால் புது நாண்கள் இரண்டும் பழைய நாணுக்கு மேலே ஏறும், ஆனாலும் கோட்டைத் தாண்டாது. அதனால் விடை ஏறிக்கொண்டே போய்க் கோட்டுக்குக் கீழேயே நிற்கும்.

வளைவு மாறினால் அந்தப் பிடிமானம் போய்விடும். மேலே கொடுத்த எடுத்துக்காட்டில் 2, 3, 2.875. முதல் படியில் ஏறுகிறது, அடுத்த படியில் இறங்குகிறது. "ஏறுகிறது, ஆகவே எல்லாமே குறைவு" என்று முதல் படியோடு நிறுத்தியவர் 3 ஐயும் குறைவு என்றே எழுதியிருப்பார்.

செந்தெனி974

மீனாட்சியக்காவின் பட்டைக் கணக்கோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அதை ஒரே பட்டைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது: அதிகபட்சம் +0.736, குறைந்தபட்சம் −2. இரண்டு பட்டைக்கு −0.779 + 0.736 = −0.043, மயிரிழையில் தப்பிக்கிறது. ஒரே பட்டைக்கு இன்னொரு வழி இருக்கிறது, படம் வரைந்தால் கண்ணுக்கே தெரியும்.

நாண் (0, 1) இலிருந்து (1, 0.368) வரை. அதன் சாய்வு −0.632. x = 1 இல் கோட்டின் சாய்வு −0.736, அதாவது நாணைவிடச் செங்குத்தாக இறங்கிக் கடைசிப் புள்ளிக்கு வருகிறது. செங்குத்தாக இறங்கி வந்து சேர்கிறது என்றால் சற்று முன்னால் நாணுக்கு மேலே இருந்திருக்க வேண்டும். 0.707 க்கும் 1 க்கும் இடையே கோடு நிமிர்ந்த கிண்ணம், அங்கே இடப்பக்கம் போகப் போகச் சாய்வு இன்னும் செங்குத்து, அதனால் அந்தப் பகுதி முழுக்க நாணுக்கு மேலே. அடுத்து 0 முதல் 0.707 வரை கவிழ்ந்த கிண்ணம்: ஒரு முனை நாணின்மேலேயே, மறுமுனை நாணுக்கு மேலே, ஆகவே நடுவிலும் மேலே. முழுக் கோடும் நாணுக்கு மேலே இருக்கிறது. T குறைவு.

நடுவே ஒரே ஒரு வளைவு மாற்றம் உள்ள எந்தப் பட்டைக்கும் இதைச் செய்யலாம். கவிழ்ந்து பிறகு நிமிர்ந்தால், கடைசி முனையில் தொடுகோட்டின் சாய்வையும் நாணின் சாய்வையும் ஒப்பிட வேண்டும். தொடுகோடு நாணைவிடக் கீழ்நோக்கிப் போனால் கோடு முழுக்க மேலே. இல்லையென்றால் கோடு நாணை நடுவில் வெட்டியிருக்கலாம், அப்போது இந்த வழி கையை விரித்துவிடும், மீனாட்சியக்காவின் வழிக்குத்தான் போக வேண்டும்.

ரோஸ்ஹில்_குமரன்

0.5 முதல் 0.75 வரை உள்ள பட்டையில் போட்டுப் பார்த்தேன். நாணின் சாய்வு −0.836, 0.75 இல் தொடுகோடு −0.855. அப்படியானால் அந்தப் பட்டையும் குறைவுதானே? கடைசிப் பட்டை மட்டும் கூடுதல்.

செந்தெனி974

ஆமாம். மூன்று பட்டை குறைவு, ஒன்று கூடுதல். ஆனால் "மூன்றுக்கு ஒன்று, ஆகவே மொத்தம் குறைவு" என்று எழுதிவிடாதே, பட்டைகளை எண்ணி ஓட்டுப் போட முடியாது. கடைசிப் பட்டையின் கூடுதல் மற்ற மூன்றின் குறையை விழுங்கிவிடவில்லை என்பதை முதல் இரண்டு பட்டைகளின் எண்கள் காட்டுகின்றன: −1.644 ஒன்றே +0.736 ஐத் தாங்கிவிடும்.

ஃப்ளாக் ஐயாவுக்கு இப்போது. சமன்பாடு இல்லாவிட்டால் f'' க்குப் பதிலாக வித்தியாசத்தின் வித்தியாசம். அளவுகளை அடுத்தடுத்துக் கழித்தால் 4.8, 3.1, 1.5, −0.1. அவற்றை மறுபடி கழித்தால் −1.7, −1.6, −1.6. எல்லாம் குறை எண், கிட்டத்தட்டச் சமமும்கூட. ஆற்றோர விளிம்பு வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது, நாண்கள் உள்ளே வெட்டுகின்றன, ஆகவே 3031 குறைவுதான். நிலக்காரர் சொல்வது நியாயம்.

எவ்வளவு என்றால், ஒவ்வொரு பட்டையிலும் அந்த இரண்டாம் வித்தியாசத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, பெருக்கல் 20 மீட்டர். 1.63/12 × 20 = 2.7 சதுர மீட்டர். நான்கு பட்டைக்கு 11 அளவில். சிம்ப்சன் விதியில் போட்டால் 3042 வருகிறது, அதே 11.

ஃப்ளாக்_நில_அளவை

நன்றி. 11 சதுர மீட்டர் என்றால் இங்கே கால் பெர்ஷ். பெர்ஷ் ஒன்று சுமார் 42 சதுர மீட்டர் அல்லவா. அதற்காக இத்தனை பேச்சு ஆகியிருக்கிறது. ஒரு கேள்வி: அளவுகள் ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், கரும்புக்கு நடுவே குவித்து வைத்த கற்களைச் சுற்றி நாடாவைப் பிடித்தது. அப்போதும் இந்த −1.6 நிற்குமா?

மோக்கா_மீனாட்சி

நிற்கும். இரண்டாம் வித்தியாசத்தில் நடு அளவு இரண்டு முறை வருகிறது, பக்கத்து அளவுகள் ஒவ்வொரு முறை. ஆகவே மோசமான நிலையில் அளவுப் பிழையின் நான்கு மடங்கு சேரும்: 0.4 மீட்டர். −1.6 அப்போதும் −1.2 க்கு மேல் ஏறாது, குறி மாறாது.

5 மீட்டருக்கு ஒரு அளவு எடுத்திருந்தால்தான் தொல்லை. இடைவெளி கால் பங்கானால் இரண்டாம் வித்தியாசம் பதினாறில் ஒரு பங்காகும், அதாவது −0.1 அளவில். 0.4 பிழைக்குள் அது காணாமல் போய்விடும், குறி அங்கங்கே மாறி மாறி விழும். அதை வளைவு மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, நாடாவின் ஆட்டம்தான். அந்த நிலையில் நாலு அளவுக்கு ஒன்றாக எடுத்து இரண்டாம் வித்தியாசம் பாருங்கள்.

எல்லா அளவுகளிலும் பத்து சென்டிமீட்டர் ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் வேறு கதை. 80 மீட்டருக்கு 8 சதுர மீட்டர் அதிலேயே போய்விடும். நாணும் கோடும் அதைக் காட்டிக்கொடுக்காது.

தீவுக்காரன்

குமரா, பரீட்சைல எதை எழுதப் போற?

ரோஸ்ஹில்_குமரன்

செந்தெனி அண்ணனின் முனைச் சாய்வு வழி ரெண்டே வரி. அதையே எழுதலாம் என்று பார்க்கிறேன்.

மோக்கா_மீனாட்சி

காரணம் கேட்டிருக்கிறார்கள். ≈ உள்ள சூத்திரம் காரணம் ஆகாது என்பது என் கருத்து. நான்கு f'' மதிப்பை எழுதிக் கூட்டிக் காட்டு, அதுவும் ஐந்தாறு வரிதான்.

செந்தெனி974

ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றாம் வகைக்கெழுவா? படம் வரைந்து, 0.707 ஐக் குறித்து, கவிழ்ந்த பகுதி நீளமும் அதிகம் வளைவும் அதிகம் என்று எழுதினால் திருத்துபவர் ஏற்றுக்கொள்வார்.

மோக்கா_மீனாட்சி

ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமலும் போகலாம். "வளைவும் அதிகம்" என்பதற்கு எண் காட்டச் சொன்னால் என்ன செய்வது? −2 ஐயும் 0.736 ஐயும் படத்தின் பக்கத்தில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதியில் நான் இன்னும் செந்தெனியோடு ஒத்துப்போகவில்லை.